பத்து நிமிடம், ஓர் ஆய்வுக் கட்டுரை: உரையை எந்த வரிசையில் எழுதுவது?

விரிவுரையாளர் பாடப் பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை ஏற்றிவிட்டு, "அடுத்த வாரம் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள், கேட்பவர்களுக்கு இந்தத் துறை புதிது" என்கிறார். மாணவர் கட்டுரையை இரண்டு தடவை படிக்கிறார், புரிந்தும் விடுகிறது. உரையை எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எங்கே ஆரம்பிப்பது? கட்டுரை போகும் வழியிலேயே போவதா? எல்லாரும் முழித்துப் பார்க்கிற மாதிரி ஒரு கேள்வியோடு தொடங்குவதா? அல்லது முக்கியமான ஒரு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே பத்து நிமிடமும் விளக்குவதா?

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், சமூக மன்றத்தில் பேச ஒப்புக்கொண்ட தாதியர் என்று பலரும் என்னிடம் கேட்பது இந்த மூன்றில் எது என்றுதான். மூன்றுமே நல்ல உரையாக அமையலாம். ஆனால் ஒரே கட்டுரைக்கு மூன்றும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. புதிதாகக் கேட்பவர் அந்தக் கட்டுரையில் எந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொள்வார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்துக்குப் போதுமான நேரம் தருகிற வரிசைதான் உங்களுக்கான வரிசை என்பது என் கருத்து. இதைப் பொதுவாகச் சொன்னால் பயனில்லை என்பதால் ஓர் உண்மையான கட்டுரையை வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன்.

## எடுத்துக்கொண்ட கட்டுரை

2021-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த டெங்கி ஆய்வு அது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்தது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை ஊருக்குள் விட்டால் டெங்கி குறையுமா என்று சோதித்தார்கள். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் கொசுக்களை விட்டார்கள், மற்ற 12 பகுதிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு 2018 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை, காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 3 முதல் 45 வயது வரையானவர்களைச் சேர்த்து, ரத்தத்தைச் சோதித்து, டெங்கி இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

முடிவு இதுதான். கொசு விட்ட பகுதிகளைச் சேர்ந்த 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கி உறுதியானது. விடாத பகுதிகளின் 3,401 பேரில் 318 பேருக்கு. பாதுகாப்புத் திறன் 77.1 விழுக்காடு என்று கட்டுரை சொல்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் கேட்பவர் இதில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்.

முதலாவது, கொசு. இங்கே தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வோல்பாக்கியாக் கொசுக்களைக் குடியிருப்புப் பேட்டைகளில் விடுகிறது. அவை ஆண் கொசுக்கள் மட்டுமே. ஆண் கொசு கடிக்காது. அது வோல்பாக்கியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது, கொசுக் கூட்டம் சுருங்கும். யோக்யகர்த்தாவில் செய்தது வேறு. அங்கே முட்டைகளைக் கொண்ட கலங்களை வெளியில் வைத்தார்கள். அவற்றிலிருந்து ஆணும் பெண்ணும் பறந்தன. வோல்பாக்கியா தாய்வழியாகக் குஞ்சுகளுக்குப் போவதால், நாளடைவில் ஊரில் உள்ள கொசுக்களே வோல்பாக்கியாக் கொசுக்களாக மாறின. அவை கடிக்கும். ஆனால் அவற்றின் உடலில் டெங்கிக் கிருமி எளிதில் பெருகாது. "வோல்பாக்கியா" என்று சொன்னதுமே இங்குள்ள கேட்பவர் மனத்தில் தம் புளோக்கில் நடந்ததுதான் வரும். அதைத் திருத்தாமல் மேலே போனால் மீதி உரை முழுவதும் தவறான படத்தின் மேல் கட்டப்படும்.

இரண்டாவது, 2,905. கேட்பவர் இதை அந்தப் பகுதியில் வசிப்பவர்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வார். அப்படியல்ல. காய்ச்சல் வந்து, மருந்தகத்துக்கு வந்து, ஆய்வில் சேர்ந்து, சோதனை முடிவு பயன்படும்படி கிடைத்தவர்கள் மட்டும்தான் அவர்கள். எனவே 67-ஐ 2,905-ஆல் வகுத்தால் வரும் 2.3 விழுக்காடு, "ஊரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு டெங்கி" என்று பொருள்படாது. இதுதான் இந்தக் கட்டுரையின் மிகக் கடினமான இடம், மிக அழகான இடமும் இதுதான்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

நான்கு அளவுகோல்கள் போதும். முக்கிய முடிவைச் சொல்லும் நொடியில், அதைப் புரிந்துகொள்ளத் தேவையானதெல்லாம் கேட்பவர் கையில் இருக்கிறதா? கட்டுரை சொன்னதைவிடக் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடும் ஆபத்து எவ்வளவு? எழுதவும் பேசவும் எவ்வளவு நேரம் பிடிக்கும்? கடைசியாக, கேள்வி நேரத்தில் நீங்கள் எந்த நிலையில் நிற்பீர்கள்?

நேரத்தைப் பற்றி ஒன்று. புதியவர்களுக்குத் தமிழில் நிதானமாகப் பேசும்போது நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். நம் சொற்கள் நீளம். ஆங்கில உரைக்குச் சொல்லப்படும் சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் மூச்சு வாங்கும். ஸ்லைடு மாற்றவும், எண்ணைக் கேட்பவர் உள்வாங்கவும் விடும் இடைவெளியைச் சேர்த்தால், பத்து நிமிட உரை 850 சொல்லில் முடிந்துவிட வேண்டும். கட்டுரையில் ஆயிரக்கணக்கான சொற்கள். ஆகவே பெரும்பகுதியை விட்டுவிடத்தான் போகிறீர்கள். மூன்று வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடே எதை விடுகின்றன என்பதில்தான் இருக்கிறது.

## வழி 1: கட்டுரையின் வரிசையிலேயே

முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம். பலரும் இதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள், ஏனெனில் யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியையும் சுருக்கினால் உரை தயார். ஒரு மாலையில் முடிந்துவிடும். கட்டுரையில் இல்லாததைச் சேர்க்கும் ஆபத்தும் குறைவு. சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பிடிஎஃபில் விரல் வைத்துக் காட்டலாம்.

மறைந்திருக்கும் விலை பேசும்போதுதான் தெரியும். யோக்யகர்த்தாக் கட்டுரையின் முறைப் பகுதியில் பகுதிவாரிக் குலுக்கல், சேர்க்கும் வயது வரம்பு, ரத்தச் சோதனை வகைகள், டெங்கி இல்லாதவர்களையே ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்ளும் வடிவமைப்பு, விகிதக் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அதை எழுதியவர்கள் தொற்றுநோய் மருத்துவர்களுக்காக எழுதினார்கள். உங்கள் வகுப்புத் தோழருக்கு ஒவ்வொன்றும் புதிது. விளக்கத் தொடங்கினால் ஏழாவது நிமிடத்திலும் முறையிலேயே இருப்பீர்கள். 77.1 என்ற எண் கடைசி நிமிடத்தில் ஓடி வரும். ஏன் அந்த முறை தேவைப்பட்டது என்று தெரியாமலேயே அவர் அதையெல்லாம் கேட்டிருப்பார், ஆகவே முடிவு வரும்போது முறை நினைவில் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். துறை அறிந்தவர்கள்கூடக் கட்டுரையை அந்த வரிசையில் படிப்பதில்லை. சுருக்கத்தைப் பார்ப்பார்கள், அட்டவணைக்குத் தாவுவார்கள், சந்தேகம் வந்தால் முறைக்குத் திரும்புவார்கள். தாளில் அப்படி முன்னும் பின்னும் போகலாம். கேட்பவரால் முடியாது. உங்கள் வாயிலிருந்து வருகிற வரிசைதான் அவருக்கு உள்ள ஒரே வரிசை.

சரி, எப்போது இது நல்லது? மதிப்பெண் தாளில் "முறை", "முடிவு" என்று தனித்தனியாகப் புள்ளி ஒதுக்கியிருந்தால் இதையே எடுங்கள். மருத்துவமனையில் தாதியரும் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு கட்டுரையை அலசும் கூட்டத்திலும் இது பொருந்தும், அங்கே யாருக்கும் சொற்கள் புதிதல்ல. கட்டுரையே ஒரு புதிய முறையைப் பற்றியது என்றாலும் இதுவே இயல்பு.

## வழி 2: ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து

"கொசுவை விட்டே டெங்கியைக் குறைக்க முடியுமா?" என்று தொடங்குகிறீர்கள். பிறகு ஒவ்வொரு அடியும் ஒரு சந்தேகத்துக்கான பதிலாக வருகிறது. கொசு விட்ட இடத்தில் அந்த வருடம் தற்செயலாக டெங்கி குறைந்திருந்தால்? அதனால்தான் ஒரே நகரில் 24 பகுதிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் டெங்கி என்று சொன்னதையா எண்ணினார்கள்? இல்லை, ரத்தச் சோதனையில் உறுதியானதை மட்டும். இப்படிப் போகும்போது முறை தனிப் பாரமாகத் தெரியாது. சந்தேகம் கேட்பவர் மனத்தில் எழுகிற நேரத்தில் பதில் வருவதால் அது நிற்கிறது.

சமூக மன்றத்தில், மூத்தோர் நிறைந்த அறையில், திரை சரியாகத் தெரியாத இடத்தில் இதற்கு ஈடு இல்லை. ஸ்லைடே இல்லாமல்கூடப் பேசலாம்.

ஆனால் இதில் இரண்டு செலவுகள் உண்டு, இரண்டும் எழுதும்போது கண்ணுக்குத் தெரியாதவை.

முதலில், கேள்வி கட்டுரையைவிடப் பெரிதாகிவிடும். மேடைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று "டெங்கியை ஒழிக்க முடியுமா?" என்று எழுதிவிடுவார்கள். கட்டுரை அதைக் கேட்கவே இல்லை. ஒரு நகரில், சுமார் இரண்டு ஆண்டுகள், மருந்தகத்துக்கு வந்த காய்ச்சல்காரர்களிடையே டெங்கி எந்த அளவு குறைந்தது என்பதுதான் அதன் கேள்வி. "ஒழிக்க" என்று கேட்டுவிட்டு 77 என்று பதில் சொன்னால், அறையில் ஒரு பாதி "அப்போ பாதிதான் வெற்றியா?" என்று நினைக்கும், மறு பாதி டெங்கி முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகும். இதற்கு ஒரே மருந்து, முடிவுப் பகுதியை எழுதி முடித்த பிறகு தொடக்கக் கேள்வியை எழுதுவது. அந்த முடிவு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும்.

அடுத்தது, பின்னணி உரையை விழுங்கிவிடும். வோல்பாக்கியா மயக்கும் விஷயம். பழ ஈயிலிருந்து எடுத்து ஏடிஸ் கொசுவுக்குள் வைத்த கதை, முட்டை பொரிக்காமல் போகும் கதை, நம் பேட்டையில் விட்ட கதை என்று நான்கு நிமிடம் போனதே தெரியாது. அதில் சிங்கப்பூர் பற்றிய எதுவும் உங்களுக்குக் கொடுத்த கட்டுரையின் ஆய்வு அல்ல. ஒரே கட்டுரையிலிருந்து உரை எழுதச் சொன்னால், வெளியிலிருந்து கொண்டுவந்ததை "இது கட்டுரையில் இல்லை, நமக்குத் தெரிந்த பின்னணிக்காகச் சொல்கிறேன்" என்று ஒரு வாக்கியத்தால் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் யோக்யகர்த்தாவின் 77 விழுக்காட்டைக் கேட்பவர் நம் ஆண் கொசுக்களின் கணக்கில் எழுதிவிடுவார்.

## வழி 3: ஒரே அட்டவணையைச் சுற்றி

கட்டுரையின் இதயம் எந்த அட்டவணையில் அல்லது படத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கேட்பவரே படிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதை மட்டும் உரையின் வேலையாக வைத்துக்கொள்வது. கட்டுரையில் உள்ள படத்தை அப்படியே வெட்டி ஒட்டக் கூடாது. அது வேறு வாசகருக்கானது. நீங்களே வரைய வேண்டும். நம் கட்டுரைக்கு இவ்வளவுதான் போதும்:

| பகுதி | டெங்கி உறுதியானவர்கள் | வேறு காய்ச்சல் | மொத்தம் |
|---|---|---|---|
| கொசு விட்டவை | 67 | 2,838 | 2,905 |
| விடாதவை | 318 | 3,083 | 3,401 |

"வேறு காய்ச்சல்" என்ற பத்திதான் சாவி. 2,905-லிருந்து 67-ஐயும், 3,401-லிருந்து 318-ஐயும் கழித்து நாமே போட்டது அது. இவர்களுக்கும் காய்ச்சல்தான், ஆனால் டெங்கி அல்ல. வோல்பாக்கியாக் கொசு இந்தக் காய்ச்சல்களை ஒன்றும் செய்யாது. ஆகவே இவை இரு பகுதியிலும் ஒரே மாதிரிதான் வந்துகொண்டிருக்கும். அவற்றை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு, அதற்கு எதிரே டெங்கி எவ்வளவு என்று பார்க்கிறார்கள்.

இப்போது கணக்கு எளிது. கொசு விடாத பகுதிகளில், ஒரு டெங்கிக்கு ஏறத்தாழ 10 வேறு காய்ச்சல்கள். கொசு விட்ட பகுதிகளில், ஒரு டெங்கிக்கு ஏறத்தாழ 42 வேறு காய்ச்சல்கள். அறையில் உள்ள யாருக்கும் இது விளங்கும். துல்லியமாகப் போட்டால்:

```
67 / 2838  = 0.0236
318 / 3083 = 0.1031
0.0236 / 0.1031 = 0.229
1 - 0.229 = 0.771
```

கட்டுரையின் 77.1 விழுக்காடு வந்துவிட்டது. உங்கள் பேச்சை நம்பித் தலையாட்டுவதற்குப் பதிலாக, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் கண்ணால் பார்க்கிறார். வேறு எந்த வரிசையிலும் இது கிடைக்காது.

கூடவே ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது. கட்டுரையின் சுருக்கத்தில் 2.3 விழுக்காடு, 9.4 விழுக்காடு என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அறையில் ஒருவர் கைபேசியில் 2.3-ஐ 9.4-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 75.5 வரும். "நீங்கள் 77 என்றீர்களே?" என்று கேட்பார். கேட்பவர் தவறு செய்யவில்லை, மொத்தத்தால் வகுத்திருக்கிறார். ஆய்வாளர்கள் வேறு காய்ச்சல்காரர்களால் வகுத்தார்கள். "வேறு காய்ச்சல்" பத்தியை விளக்கியவர் இதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லலாம். முதல் வழியில் பேசியவர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

செலவு என்ன? ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்த அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முழுமையாகப் புரிந்திருக்க வேண்டும். எழுதுவதற்கு முதல் வழியைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் நேரத்தைவிடப் படிக்கும் நேரம்தான் கூடும். திரை இல்லாத இடத்தில் இது படுத்துவிடும். எண்களைக் காதால் மட்டும் கேட்டு வகுத்துப் பார்க்க யாராலும் முடியாது. மேலும், ஒரே மைய எண் இல்லாத கட்டுரைக்கு இது ஒத்துவராது. நேர்காணல்களை வைத்து எழுதிய சமூகவியல் கட்டுரையையோ, நூறு ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையையோ ஓர் அட்டவணைக்குள் திணித்தால் கட்டுரையின் உயிர் போய்விடும்.

ஒரு சலனமும் உண்டு. அட்டவணை இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது, அதிலேயே எல்லாம் இருக்கிறது என்று தோன்றும். கட்டுரை 77.1-ஐத் தனியாகச் சொல்லவில்லை. உண்மையான பயன் 65.3 முதல் 84.9 விழுக்காட்டுக்குள் எங்கேயாவது இருக்கலாம் என்ற நம்பக எல்லையோடுதான் சொல்கிறது. அந்த எல்லையை இந்த அட்டவணையிலிருந்து கணக்கிட முடியாது. குலுக்கியது 6,306 ஆட்களை அல்ல, 24 பகுதிகளை. ஒரே பகுதியில் வசிப்பவர்களின் கதி ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் ஆய்வாளர்கள் எல்லையைப் போட்டார்கள். உரையில் எல்லையைச் சொல்லுங்கள், எப்படி வந்தது என்பதைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கட்டுரை வரிசை | கேள்வி வரிசை | ஒரே அட்டவணை |
|---|---|---|---|
| முடிவின்போது கேட்பவர் தயாரா | அரிதாக | பெரும்பாலும் | ஆம், அதற்காகவே எழுதியது |
| கூட்டிச் சொல்லும் ஆபத்து | குறைவு | அதிகம் | நடுத்தரம், எல்லையை மறந்தால் |
| தயாரிக்கும் நேரம் | ஒரு மாலை | ஒரு மாலைக்கு மேல் | இரண்டு மாலை |
| நேரம் மீறும் இடம் | முறை | பின்னணி | கணக்கு |
| கேள்வி நேரம் | எண்கள் பற்றிக் கேட்டால் திணறல் | நடைமுறைக் கேள்விகளுக்கு நல்லது | எண் கேள்விகளுக்கு வலு |
| திரை வேண்டுமா | இருந்தால் நல்லது | வேண்டாம் | கட்டாயம் |

## யோக்யகர்த்தாக் கட்டுரைக்கு என் தேர்வு

வகுப்பறையில், திரையோடு, பத்து நிமிடம் என்றால் மூன்றாம் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் முதல் மூன்று நிமிடத்தை இரண்டாம் வழியிலிருந்து கடன் வாங்குவேன், ஏனெனில் முதல் தடுக்கல், அதாவது ஆண் கொசு பற்றிய குழப்பம், அட்டவணை வருவதற்கு முன்பே தீர வேண்டும். எழுத்தில் அது எப்படி இருக்கும் என்று சில துண்டுகளைக் காட்டுகிறேன்.

தொடக்கம்:

> "நம் பேட்டையில் கொசு விடுகிறார்கள் என்ற அறிவிப்பை நீங்கள் லிஃப்ட் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே விடுவது ஆண் கொசு மட்டும். அது கடிக்காது, கொசுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். இது நான் பேசப்போகும் கட்டுரையில் இல்லை. இன்றைய கட்டுரை யோக்யகர்த்தா நகரைப் பற்றியது. அங்கே ஆண், பெண் இரண்டையும் விட்டார்கள். கொசுக்கள் குறையவில்லை, மாறின. கடிக்கிற, ஆனால் டெங்கியை எளிதில் பரப்பாத கொசுக்களாக மாறின. அப்படி மாற்றினால், காய்ச்சலோடு மருந்தகம் வருபவர்களில் டெங்கிக்காரர்கள் குறைவார்களா? அதுதான் இவர்களின் கேள்வி."

ஏறத்தாழ 55 சொல்தான். கேள்வி கட்டுரையின் அளவிலேயே நிற்பதைப் பாருங்கள். "மருந்தகம் வருபவர்களில்" என்ற பிடியை முதல் நிமிடத்திலேயே போட்டாயிற்று, பின்னால் 2,905 வரும்போது அது யார் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்து 24 பகுதி, குலுக்கல், ரத்தச் சோதனை. இரண்டு நிமிடத்தில் முடியும். ஆய்வகச் சோதனைகளின் பெயர்கள் வேண்டாம், "ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள்" போதும்.

அப்புறம் அட்டவணை. இதை ஒரே ஸ்லைடில் முழுவதுமாகக் காட்டாதீர்கள். முதலில் வெறும் கட்டங்கள். பிறகு கீழ் வரிசை மட்டும்:

> "முதலில் கொசு விடாத பகுதிகளைப் பார்ப்போம். காய்ச்சலோடு வந்தவர்களில் 318 பேருக்கு டெங்கி. 3,083 பேருக்கு வேறு ஏதோ காய்ச்சல். அதாவது ஒரு டெங்கிக்குப் பத்து வேறு காய்ச்சல். இந்தப் பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்."

இங்கே நிறுத்துங்கள். உரைத் தாளில் "மூன்று நொடி" என்று எழுதியே வையுங்கள், இல்லாவிட்டால் பதற்றத்தில் ஓடிவிடுவீர்கள். பிறகு மேல் வரிசை:

> "இப்போது கொசு விட்ட பகுதிகள். டெங்கி 67. வேறு காய்ச்சல் 2,838. ஒரு டெங்கிக்கு 42. வேறு காய்ச்சல்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகின்றன, கொசுவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மாறியது டெங்கி மட்டும்தான். ஆய்வாளர்களின் கணக்கில் அது 77 விழுக்காடு குறைவு. உண்மை அளவு 65-க்கும் 85-க்கும் இடையில் இருக்கலாம் என்கிறார்கள்."

விடாத பகுதியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கமான நிலை எது என்று தெரிந்தால்தான் மாற்றம் மாற்றமாகத் தெரியும். கட்டுரையின் அட்டவணை கொசு விட்ட பகுதியை முதலில் போட்டிருந்தாலும் நீங்கள் மாற்றிச் சொல்லலாம், அதில் தவறில்லை.

மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கணக்கு ஒரே வாக்கியம்: டெங்கியோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கொசு விட்ட பகுதிகளில் 13, விடாதவற்றில் 102. சமூக மன்றத்தில் பேசினால் இந்த வாக்கியத்தைத்தான் முன்னால் கொண்டுவருவேன். குடும்பத்தில் யாராவது டெங்கியால் படுத்திருந்தவர்களுக்கு அது உடனே விளங்கும்.

வரம்புகளுக்குக் கடைசி ஒன்றரை நிமிடம். கட்டுரைக்குப் பல வரம்புகள் இருக்கலாம், இரண்டை மட்டும் எடுங்கள். பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டியவை. மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் எல்லை தாண்டிப் போவார்கள், கொசுவும் பறக்கும். இதனால் இரு பக்க வேறுபாடு உண்மையைவிடச் சிறிதாகவே தெரிந்திருக்கலாம். இரண்டாவது, தம் பகுதியில் கொசு விட்டார்களா இல்லையா என்பது குடியிருப்பவர்களுக்குத் தெரியும், போலிக் கொசு என்று எதுவும் விடவில்லை. ஆனால் டெங்கியா இல்லையா என்று தீர்மானித்தது ரத்தச் சோதனை. அதனால் இந்தக் குறையின் பாதிப்பு மட்டுப்படுகிறது. வரம்பைச் சொல்லும்போது அது முடிவை எந்தத் திசையில் தள்ளும் என்பதையும் சொல்லிவிடுங்கள். "மாதிரி அளவு குறைவு, மேலும் ஆய்வு தேவை" என்ற வாடிக்கை வரியை இந்தக் கட்டுரையின் மேல் ஒட்டாதீர்கள்.

ஒத்திகையின்போது சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பேசிக்காட்டி, முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "2,905 பேர் யார்?" "அந்த ஊர்க்காரர்கள்" என்று பதில் வந்தால் அட்டவணைக்கு முந்திய பகுதியைத் திருத்த வேண்டும். "காய்ச்சல் வந்து மருந்தகம் போனவர்கள்" என்றால் உரை வேலை செய்கிறது. கட்டுரை வேறாக இருந்தால் கேள்வியும் வேறாகும், ஆனால் அதை நீங்கள் கண்டுபிடித்த கடின இடத்திலிருந்தே எடுங்கள்.

கேள்வி நேரத்துக்கு இரண்டு ஸ்லைடுகளை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்திருங்கள். ஒன்றில் 75.5-க்கும் 77.1-க்கும் உள்ள வேறுபாடு. மற்றொன்றில் சிங்கப்பூர் முறையும் யோக்யகர்த்தா முறையும் அருகருகே: விடும் கொசு எது, கடிக்குமா, கொசுக்கள் குறையுமா மாறுமா. "நாமும் ஏன் பெண் கொசுவை விடக் கூடாது?" என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். அதற்குப் பதில் உங்களுக்குக் கொடுத்த கட்டுரையில் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, இரண்டாவது ஸ்லைடைக் காட்டி, இரு முறைகளின் நோக்கமும் வேறு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.